ஆட்டோசோம் ஒடுங்கு பண்பா, எக்ஸ் ஒடுங்கு பண்பா?

குடும்ப மரபு வரைபடத்தில் சதுரம் ஆண், வட்டம் பெண். நிழலிட்டவரிடம் பண்பு வெளிப்பட்டிருக்கிறது, வெள்ளையாக விட்டவரிடம் இல்லை. பெற்றோர் இருவரும் வெள்ளை, பிள்ளை நிழலிட்டது என்றால் பண்பு ஒடுங்கு வகைதான். மரபணு எந்தக் குரோமோசோமில் என்பதில்தான் குழப்பம்.

நிழலிட்ட மகள், வெள்ளைத் தந்தை
ஆட்டோசோம்: நடக்கும், பெற்றோர் இருவரும் கடத்திகள், அதாவது பண்பு வெளிப்படாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால்.
எக்ஸ்: நடக்காது. மகளின் ஒரு எக்ஸ் தந்தையுடையது. அதில் குறை இருந்தால் அவர் சதுரமும் நிழலிட்டிருக்கும்.

நிழலிட்ட தாய், வெள்ளை மகன்
ஆட்டோசோம்: நடக்கும்.
எக்ஸ்: நடக்காது.

இந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் எக்ஸை அடித்துவிடலாம். நிழலிட்ட தந்தைக்கு நிழலிட்ட மகன் இருப்பதை மட்டும் பார்த்து அடிக்கக் கூடாது. தந்தை மகனுக்குத் தருவது ஒய். தாய் கடத்தியாக இருந்தால் அந்த எக்ஸ் அவளிடமிருந்து வந்திருக்கும். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

விக்டோரியா அரசியின் குடும்பத்தில் ஹீமோஃபிலியா எக்ஸ் வகை. மகன் லியோபோல்டுக்கு நோய். அவர் மகனுக்கு இல்லை. மகள் கடத்தி, அவளுடைய மகனுக்கு நோய்.

நிழலிட்டவனின் வெள்ளைத் தங்கை கடத்தியாகும் வாய்ப்பு
ஆட்டோசோம் (பெற்றோர் இருவரும் கடத்திகள்): 2/3. அவள் வெள்ளை என்பது தெரிந்ததால் நான்கில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது.
எக்ஸ் (தாய் கடத்தி, தந்தை வெள்ளை): 1/2.

நிழல் சதுரங்களில் மட்டும், குடும்பமும் சிறியது என்றால் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. எக்ஸுக்குச் சாய்வு அதிகம், அவ்வளவே.