மஞ்சள்தூள் பாக்கிங் மெஷின்: முதலில் எந்த இழப்பைப் பிடிப்பது?

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மசாலாத்தூள் பாக்கெட் போடும் யூனிட்டில், மெஷின் முழு நேரமும் முழு வேகத்தில் ஓடினால் வர வேண்டியதில் எத்தனை சதவீதம் நல்ல பாக்கெட்டாக வந்தது என்று சொல்லும் ஓ.இ.இ. கணக்கைப் போட்டதும் கிளம்பும் தகராறு ஒன்றுதான். முதலாளி ‘ஸ்பீடு பத்தலைங்க’ என்பார். சூப்பர்வைசர் சரக்கு மாற்றுகிற நேரத்தைக் காட்டுவார். தரம் பார்ப்பவர் லீக் பாக்கெட்டை நீட்டுவார். மூவரும் சொல்வதை ஒரே ஷிஃப்டில் வைத்து எடைபோடலாம்.

மெஷின், ஆகர் என்கிற திருகை வைத்துத் தூளை அளந்து விடும் செங்குத்து வகை. பாக்கெட் 100 கிராம். சாப்பாடு, டீ நேரம் போக ஓட வேண்டியது 450 நிமிடம். மஞ்சளிலிருந்து மிளகாய்க்கு மாறும்போது ஹாப்பர், ஆகரைக் கழற்றித் துடைத்து மாட்ட 50 நிமிடம், ஹீட்டர் பழுதுக்கு 24, ஃபிலிம் ரோல் மாற்ற 16 என 90 நிமிடம் போய்விட்டது. மீதி 360 நிமிடம், அதாவது 80%. இந்த பாக்கெட்டுக்கு மெஷினின் முழு வேகம் நிமிடத்துக்கு 50 என்றால் 18,000 வந்திருக்க வேண்டும். வந்தது 13,500, அதாவது 75%. அதில் தேறியது 13,095, அதாவது 97%. இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஓ.இ.இ.:

0.80 × 0.75 × 0.97 = 0.582

சரிபார்க்க எளிய வழி உண்டு: 450 × 50 = 22,500 பாக்கெட்டில் தேறியது 13,095; அதுவும் 58.2%தான். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ நேரத்தை இருமுறை கழித்திருக்கிறீர்கள்.

80, 75, 97 என்று அடுக்கியதும் கண் 75-க்குத்தான் போகும். ஆனால் இவை ஒவ்வொன்றும் வேறு அடித்தளத்தில் கணக்கிட்டவை. நேராக ஒப்பிடக் கூடாது. எல்லாவற்றையும் நிமிடமாக்குங்கள். நின்றதில் போனது 90. 13,500 பாக்கெட்டை முழு வேகத்தில் போட 270 நிமிடம் போதும். எனவே வேகத்தில் போனதும் அதே 90. ரிஜெக்ட் 405 பாக்கெட், 8 நிமிடம்.

வேகத்தில் போன 90-ஐ இன்னும் உடைக்க வேண்டும். ஆபரேட்டர் மெஷினை 45-ல் வைத்திருக்கிறார். அந்த வேகத்தில் 13,500 போட 300 நிமிடம் ஆகும். ஆக மெதுவாக ஓட்டியதில் 30 நிமிடமும், லாக் புக்கில் ஏறாத குட்டிக் குட்டி நிறுத்தங்களில் 60 நிமிடமும் கரைந்திருக்கின்றன. சிலர் 45-ஐயே முழு வேகமாக எழுதிவிடுகிறார்கள். உடனே ஓ.இ.இ. 64.7% ஆகிவிடும், 30 நிமிட இழப்பு தாளிலிருந்து மட்டும் காணாமல் போகும்.

இனி எது முதலில்? முதலாளி சொல்வதுபோல் வேகத்தை 50-க்கு ஏற்றுவது செலவில்லாத வழி, ஆனால் அதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ‘ஐம்பதுல ஓட்டுனா தூள் சீல்ல சிக்குதுங்ணா’ என்று ஆபரேட்டர் சொன்னால் அது சாக்கு இல்லை. தூள் முழுவதும் கீழே இறங்குவதற்குள் சீல் போடும் தாடை மூடினால் சீலுக்குள் தூள் மாட்டும், பாக்கெட் லீக்காகும். 45 என்பது அவராகக் கண்டுபிடித்த தற்காப்பு.

சரக்கு மாற்றும் நேரம் உறுதியான இலக்கு. துடைத்துத் தயாராக வைத்த இன்னொரு ஆகரும் ஹாப்பரும் இருந்தால் கழுவும் வேலை மெஷின் ஓடும்போதே முடியும்; 50-ஐப் பாதியாக்கலாம். கிடைப்பது ஷிஃப்டுக்கு 25 நிமிடம். இரண்டாவது செட்டுக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

குட்டி நிறுத்தங்களுக்குக் காரணம் தெரிய ஒருவர் மெஷின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கோடு போட வேண்டும். ரிஜெக்ட் பாக்கெட்டின் சீலையும் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் கோடு தெரிந்தால் தூள். சுருக்கம் தெரிந்தால் ஃபிலிம் சரியாக இழுபடவில்லை. சுத்தமாகப் பிரிந்து வந்தால் சூடோ அழுத்தமோ குறைவு. ஃபிலிமில் அச்சிட்ட குறியைப் பார்க்கும் ஐ மார்க் சென்சாரில் தூசி படிந்து மெஷின் நிற்பதையும் தனியாகக் குறியுங்கள்.

60 நிமிடத்தில் 40 தூளால் என்று கோடுகள் காட்டினால் என் ஓட்டு தூளுக்குத்தான். ஆகர் நின்ற பிறகும் சொட்டுகிற தூளைத் தடுத்து, வாய்ப்பக்கம் தூசியை உறிஞ்ச வைத்து, ஃபிலிமின் நிலைமின்சாரத்தைப் போக்கினால் நிறுத்தம், ரிஜெக்ட் இரண்டும் சேர்ந்து குறையும். அப்புறம் வேகத்தைப் படிப்படியாக ஏற்றலாம். 40, 30 இரண்டிலும் பாதிதான் மீண்டாலும் 35 நிமிடம், சரக்கு மாற்றத்தில் கிடைக்கும் 25-ஐவிட அதிகம்.

தரம் பார்ப்பவரின் வாதத்துக்கு இந்தக் கணக்கில் இடம் குறைவு. கடைக்குப் போய்த் திரும்பும் லீக் பாக்கெட் ஓ.இ.இ.யில் வராது; அப்படித் திரும்பினால் நிமிடக் கணக்கை ஒதுக்கிவிட்டு சீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்னச் சின்ன ஆர்டராக வந்து ஷிஃப்டில் மூன்று முறை சரக்கு மாறும் யூனிட்டில் மாற்ற நேரமே 150 நிமிடத்தைத் தொடும்; அங்கே சூப்பர்வைசர் சொல்வதுதான் சரி.