மலையாளத்தில் முதல் மெசேஜ்: மொழிபெயர்ப்பு ஆப்பா, சொந்த மூன்று வரியா?

டேட்டிங் ஆப்பில் பொருந்தியவர் திருச்சூர்க்காரர். கானாடுகாத்தான் வீடு ஒன்றின் வளவில், ஆத்தங்குடி டைல் தரையில் நின்று சிரிக்கிற படம் போட்டிருந்தார். நான் காரைக்குடி. முதல் மெசேஜை அவர் மொழியிலேயே அனுப்ப ஆசை. எப்படி எழுதுவது என்பதில் எனக்கு மூன்று வழிகள் இருந்தன: மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு மலையாள எழுத்தில் அனுப்புவது, மலையாள நண்பரிடம் எழுதி வாங்குவது, தெரிந்த மலையாளத்தை நானே ஆங்கில எழுத்தில் தட்டுவது. கடைசி வழியில்தான் போனேன், இனியும் அதில்தான் போவேன்.

சினிமா வசனம் அனுப்புவதையும், ‘முத்தே’, ‘சக்கரே’ என்று தொடங்குவதையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பேசிப் பழகாதவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஆப்பில் ‘உங்கள் புன்னகை மிகவும் அழகாக இருக்கிறது’ என்று போட்டால், ‘நிங்ஙளுடெ புஞ்சிரி வளரெ மனோஹரமாணு’ என்கிற மாதிரி வரும். பிழையில்லாத வாக்கியம்தான், ஆனால் வாழ்த்து அட்டையில் அச்சடித்தது போல இருக்கும். நண்பர் எழுதித் தந்தால் பேச்சு வழக்கு இயல்பாக வந்துவிடும்.

இரண்டிலும் சிக்கல் பதில் வந்த பிறகுதான் தொடங்குகிறது. சுத்தமான மலையாளத்தைப் பார்த்தவர், நமக்கு மொழி தெரியும் என்று நம்பி, கொச்சையும் சுருக்கமுமாக நாலு வரி வேகமாக எழுதுவார். அதை மறுபடி ஆப்பில் போட வேண்டும், இல்லையென்றால் நண்பரைத் தேட வேண்டும். பேச்சு வழக்கை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் ஆப் பாதியைத் தப்பாகப் புரிந்துகொள்ளும். கேலியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு நாம் பதில் சொல்லியிருப்போம். முதல் மெசேஜின் தரத்தை இரண்டாவதும் மூன்றாவதும் தாங்க முடியுமா என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

நான் அனுப்பியது இதுதான்: ‘ஹாய்! ஆ போட்டோயிலெ தரை ஆத்தங்குடி டைல் ஆணோ? டைல் நோக்கான் வந்நதா, சிரி கண்டு நின்னு போயி. என்றெ மலையாளம் இத்ரயே உள்ளூ, பாக்கி தமிழ்.’ அதாவது, அந்தத் தரை ஆத்தங்குடி டைலா, டைலைப் பார்க்க வந்தேன், சிரிப்பைப் பார்த்து நின்றுவிட்டேன், என் மலையாளம் இவ்வளவுதான்.

அந்த நடு வரியில் மட்டும்தான் கொஞ்சல். அதுவும் சிரிப்போடு நிற்கிறது, உடம்பைப் பற்றிப் பேசவில்லை. கேள்வி தரையைப் பற்றியது என்பதால், கொஞ்சலைக் கண்டுகொள்ளாமல் டைலுக்கு மட்டும் பதில் சொல்லவும் அவருக்கு இடம் இருக்கிறது. போன் நம்பர், இன்ஸ்டா ஐடி எதுவும் கேட்கவில்லை. கடைசி வரி, எந்த வேகத்தில் பேச வேண்டும் என்பதை அவருக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள்: அதில் ‘நீ’யும் இல்லை, ‘நிங்ஙளும்’ இல்லை. மலையாளத்தில் ‘நீ’ என்றால் நெருக்கம் அதிகம், ‘நிங்ஙள்’ சில இடங்களில் விலகி நிற்கும், ‘தான்’ சமவயதினரிடம் சகஜமானாலும் தொனி மாறினால் சண்டைபோல் கேட்கும். தமிழில் சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா என்று வினையே மரியாதையைக் காட்டிக்கொடுக்கும். மலையாள வினையில் அந்த விகுதி இல்லை, ‘கழிச்சோ?’ என்றால் போதும். ‘நீ’, ‘நிங்ஙள்’ போன்ற சொல்லை விட்டுவிட்டால் மரியாதைக் குறைவும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஆப் இதைச் செய்யாது, பெரும்பாலும் ‘நிங்ஙள்’ போட்டுத்தான் தரும்.

தெலுங்கில் இந்த வசதி கிடையாது. அங்கே வினைமுற்று ஆளைக் காட்டும் என்பதால் ‘மீரு’ என்று மரியாதையாகத் தொடங்குவதே பத்திரம் என்று நினைக்கிறேன். அனுப்பிப் பார்த்த அனுபவம் எனக்கு மலையாளத்தில் மட்டும்தான்.

பதிலைப் படிப்பதும் இந்த வழியில் எளிது. ‘ஆணு’, அதாவது ஆமாம், என்று ஒற்றைச் சொல்லோடு நின்றால், டைலைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால்தான் அந்தப் பளபளப்பு என்று ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடலாம். பதிலுக்கு அவரும் ஏதாவது கேட்டால் விருப்பம் இருக்கிறது. பதிலே வராவிட்டால் இரண்டாவது மெசேஜ் வேண்டாம், ‘பார்க்கலையா?’வும் வேண்டாம். அவர் தமிழுக்கு மாறினால் நாமும் மாறிவிட வேண்டும். எனக்கு வந்த பதில் பாதி தமிழ், பாதி மலையாளம், கடைசியில் ஒரு கேள்வி: ஆத்தங்குடியில் டைல் செய்வதை நேரில் பார்க்க விடுவார்களா? விடுவார்கள் என்று தமிழிலேயே எழுதினேன்.