மாடிக்கும் கீழுக்கும் ஒரே வைஃபை பெயரா, தனித்தனிப் பெயரா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டு தளம். ஃபைபர் இணைப்பு கீழே ஹாலுக்கு வருகிறது. நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் மாடி அறையில் சிக்னல் தேறாது. அதனால் மேலே இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைத்து, கீழிருந்து லேன் கேபிள் இழுத்தோம். முதலில் `Veedu_Keezh`, `Veedu_Maadi` என்று தனிப்பெயர்கள். ஒரு வருடம் அப்படி ஓட்டிவிட்டு, இப்போது இரண்டுக்கும் `Veedu` என்று ஒரே பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இதுதான் சரி.

ரவுட்டர் ஒவ்வொன்றும் வினாடிக்குச் சுமார் பத்து தடவை "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று நாம் வைக்கும் பெயர், எஸ்எஸ்ஐடி. மற்றொன்று பிஎஸ்எஸ்ஐடி: அந்தப் பெட்டியின் ரேடியோவுக்கே உரிய பன்னிரண்டு இலக்க எண். போன் திரையில் பெயர் மட்டும்தான் தெரியும். 21ஜி பஸ்கள் எல்லாவற்றிலும் பலகை ஒன்றுதான், நம்பர் பிளேட்தான் வேறு வேறு. பயணிக்குப் பலகை போதும், டெப்போவுக்கு நம்பர் பிளேட் வேண்டும். வைஃபையிலும் போன் பெயரைப் பார்த்து நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கிறது. எந்தப் பெட்டியோடு பேசுவது என்பதைப் பிஎஸ்எஸ்ஐடியை வைத்து நடத்துகிறது.

தனிப்பெயரில் ஒரு வசதி உண்டு: எதில் இருக்கிறோம் என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் அம்மா ஹாலில் வீடியோ கால் பேசிக்கொண்டே மாடி ஏறினால், போன் `Veedu_Keezh`-ஐ விடாது. பக்கத்திலேயே `Veedu_Maadi` பலமாக இருந்தாலும் போனுக்கு அது வேறொரு நெட்வொர்க். கீழ் சிக்னல் தேய்ந்து, படம் உறைந்து, அப்புறம்தான் மாறும். மாறினாலும் சிக்கல் தீராது. இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு தனி முகமூடி எண்ணைக் காட்டுவது வழக்கம். அதனால் அதே போனை ரவுட்டர் புது ஆளாக நினைத்து வேறு ஐபி முகவரி கொடுக்கும். கால் அறுந்துவிடும்.

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை என்று வைத்தால் இரண்டும் போனுக்கு ஒரே நெட்வொர்க்கின் இரண்டு வாசல்கள். எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் போனே முடிவு செய்யும். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனதும் அதே பெயரில் வேறு பிஎஸ்எஸ்ஐடி இருக்கிறதா என்று தேடத் தொடங்கும்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நான் மாற்றிய பிறகும் முதல் இரண்டு நாள் படியில் கால் அறுந்தது. கீழே போனின் முகவரி 192.168.1-இல் தொடங்கியது, மாடியில் 192.168.0. மாடி ரவுட்டரும் தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அதில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்ற அமைப்பை நிறுத்தி, கீழ் ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, கேபிளை, இணையம் உள்ளே வருவதற்கான வேன் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் செருகினேன். அத்தோடு நின்றது. அக்சஸ் பாயிண்ட் மோடு என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

சோதிக்க, விண்டோஸ் லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப்போய், கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்தேன்:

```
netsh wlan show networks mode=bssid
```

கிடைத்ததைச் சுருக்கித் தருகிறேன், எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
SSID 1 : Veedu
  BSSID 1 : 00:00:5e:00:53:10
    Signal  : 38%
    Channel : 1
  BSSID 2 : 00:00:5e:00:53:2a
    Signal  : 91%
    Channel : 11
```

பெயர் ஒன்று, பெட்டி இரண்டு. சேனல் 1-உம் 11-உம் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் மாற்றி மாற்றித்தான் பேச வேண்டியிருக்கும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் இயங்கும் ரவுட்டர் என்றால், ஒரே பெட்டிக்கே இரண்டு பிஎஸ்எஸ்ஐடி தெரியும். எதில் ஒட்டியிருக்கிறோம் என்பதை `netsh wlan show interfaces` காட்டும். மாடியில் நின்றும் கீழ்ப்பெட்டியின் எண்ணே வந்தால், சாதனம் பழைய பெட்டியை விடவில்லை என்று அர்த்தம். எங்கள் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று அப்படித்தான் செய்தது. கீழ் ரவுட்டரின் சிக்னல் பலத்தை ஒரு படி குறைத்ததும் சரியாகிவிட்டது.

2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பிளக்குக்கு மட்டும் இன்னும் தனிப்பெயர் வைத்திருக்கிறேன். முதல் தடவை இணைக்கும்போது பொதுப்பெயரில் முரண்டு பிடித்தது. நான் பார்த்தது இரண்டு பெட்டிகளோடு மட்டும்தான். மூன்று தளத்துக்கு மேல் உள்ளவர்கள், பெட்டிகளை வாங்கும் முன் கேபிள் போகும் வழியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.