"கமெண்ட் பார்க்கிற வேலைதான்" என்று சொல்லிக் கூப்பிட்டால், சேருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அக்கா, இதுல சேரலாமா?" என்று கேட்டாள். பிராசஸ் எக்ஸிகியூட்டிவ், தமிழ் மொழி, சென்னை, சி.டி.சி., அதாவது கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 3.24 லட்சம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த கடிதமும் இதேதான், தொகைகூட மாறவில்லை. அவளுக்குப் போனில் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிற இடம் அது ஒன்று மட்டும் இல்லை.

இன்டர்வியூவில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சோஷியல் மீடியா கமெண்ட்களைப் படிச்சு வகை பிரிக்கணும் மேடம், தமிழ் நல்லாத் தெரிஞ்சா போதும்." மக்கள் போடும் பதிவுகளையும் வீடியோக்களையும் பார்த்து எதை விடுவது, எதை நீக்குவது என்று முடிவு செய்கிற இந்த வேலைக்குக் கன்டென்ட் மாடரேஷன் என்று பெயர். அந்தச் சொல்லே அங்கே வரவில்லை. சேர்ந்த அன்று ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, 'மன உளைச்சல் தரக்கூடிய படங்களைப் பார்க்க நேரலாம் என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்' என்ற ஒப்புதல். இன்னொன்று, ஒரு வருடத்துக்குள் போனால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்ட். டிகிரி ஒரிஜினலையும் 'சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நகல் மட்டும் கொடுத்திருக்க வேண்டும். முதல் வேலை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். 3.24 லட்சம் என்றால் மாதம் 27,000. அதில் 3,500 'வேரியபிள்', அதாவது மார்க் எடுத்தால்தான் வரும். அடிப்படைச் சம்பளம் 13,500 என்று போட்டிருந்ததால் கம்பெனி கட்டுகிற பி.எஃப். 1,620, கிராஜுவிட்டி 650, இ.எஸ்.ஐ.க்கு அவர்கள் பங்கு 670 எல்லாமே அந்த 27,000க்குள்தான் அடக்கம். மிச்சம் 20,560. அதிலிருந்து என் பங்கு பி.எஃப். 1,620, இ.எஸ்.ஐ. 155, தொழில் வரி மாதத்துக்குச் சுமார் 208, அப்புறம் இரவு ஷிஃப்ட் வண்டிக்கு 1,500. கையில் வந்தது 17,077. நைட் அலவன்ஸ் தனியாக வரும் என்று நினைத்திருந்தேன். அதுவும் உள்ளேயே சேர்த்திருப்பதாக எச்.ஆர். சொன்னார். என்னோடு சேர்ந்தவர்கள், வேறு கம்பெனிகளில் இதே வேலை பார்த்த தோழிகள் எல்லோரையும் வைத்துச் சொல்கிறேன்: தமிழுக்குப் புதிதாகச் சேருகிறவருக்குக் கையில் 16,000 முதல் 22,000 வரைதான் நிற்கிறது. அதற்கு மேல் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள், மாதச் சம்பளப் பிரிவை எழுத்தில் கேளுங்கள்.

அந்த 3,500 எப்படிக் கைக்கு வராமல் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு நான் முடித்தவற்றில் 50 எடுத்துத் தணிக்கை செய்வார்கள். 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். அதாவது ஒரு தப்புதான் போகலாம், இரண்டாவது தப்பு வந்தால் 96, அந்த வார மார்க் போச்சு. தணிக்கை செய்தவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பார்ப்பார். ஒருத்தன் கிரிக்கெட் வீடியோவுக்குக் கீழே நண்பனை 'செத்தான்டா சேகரு' என்று கிண்டலடித்திருந்தான். நான் விட்டுவிட்டேன். கொலை மிரட்டலைத் தவறவிட்டதாகத் தப்பு போட்டார்கள். கோயில் கிடா வெட்டு வீடியோ இன்னொன்று. வழிபாட்டுச் சடங்கு என்றால் எச்சரிக்கைத் திரை போட்டு விடலாம், விலங்கு வதை என்றால் நீக்க வேண்டும். பின்னால் உடுக்கைச் சத்தமும் மாலையும் இருக்கிறதே என்று எழுதி மேல்முறையீடு செய்தேன். மூன்று வாரம் கழித்து என் பக்கம் தீர்ப்பு வந்தது, அதற்குள் அந்த மாதக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஏழு மாதத்தில் எனக்கு வேரியபிள் முழுசாக வந்தது இரண்டே மாதம்.

இதெல்லாம் பணம், சமாளித்துவிடலாம். நான் பயந்துபோய் எழுதுவது மூன்றாவது மாதம் நடந்ததைப் பற்றி. "ரெண்டு வாரத்துக்கு மட்டும் வீடியோ க்யூவுக்கு ஆள் தேவைப்படுது" என்று டீம் லீட் எங்களில் ஆறு பேரை மாற்றினார். க்யூ என்றால் நாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை வரிசையாக வந்து நிற்கும் பட்டியல். ஆஃபர் லெட்டரில் 'நிறுவனத் தேவைக்கேற்ப எந்தப் பணியும்' என்று ஒரு வரி இருந்தது, அதைக் காட்டினார். அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை.

அங்கே என்ன பார்த்தேன் என்று விவரிக்க மாட்டேன். விபத்து, தற்கொலை, குழந்தைகளை அடிப்பது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வீடியோவுக்குச் சராசரி 70 விநாடி, ஷிஃப்டில் 350க்கு மேல். அதில் பெரும்பாலும் ஒன்றுமில்லாத வீடியோதான், டான்ஸ், சண்டைக்காட்சி, பக்கத்து வீட்டுத் தகராறு. அடுத்தது எது வரும் என்று தெரியாமலே ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் உடம்பை இறுக்கிவிடும். கண்ணால் பார்த்தது சில நாளில் மங்கியது. காதில் விழுந்தது போகவில்லை.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதை நான் முதலில் கவனிக்கவில்லை, அம்மாதான் கவனித்தார். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் போனாள். நான் கத்திய கத்தலில் குழந்தை அழுதுவிட்டது. சுவர் அவள் கழுத்து உயரம், விழ வழியே இல்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா, "ஏம்மா, நீ தூங்கவே மாட்டேங்கிறியே, அங்க என்னதான் வேலை?" என்று கேட்டார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆபீஸில் 'வெல்னஸ்' இருந்தது. தினம் 30 நிமிட இடைவேளை உண்டு, ஆனால் அதை எடுத்தால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் ஷீட்டில் சிவப்பு விழும். வெள்ளிக்கிழமை கூட்டமாக மூச்சுப்பயிற்சி. தனியாகப் பேச வேண்டும் என்றால் கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் ரூம். ஒருமுறை துணிந்து போய், தூக்கம் வரவில்லை என்று கவுன்சிலரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து டீம் லீட் எல்லோர் முன்னாலும், "என்ன, தூக்கம் சரியாயிடுச்சா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் டீமில் யாரும் அந்த அறைக்குப் போகவில்லை. கவுன்சிலர் நல்ல பெண்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி, அவர் எழுதுவது யார் கைக்குப் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

வேலையை விட்ட பிறகுதான் ஒரு விஷயம் படித்தேன். 2020இல் ஃபேஸ்புக், அமெரிக்காவில் இந்த வேலை பார்த்து மனநலம் கெட்டவர்கள் போட்ட வழக்கில் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தச் சமரசத்தில் கருவி மாற்றங்களும் இருந்தன: வீடியோ முதலில் சத்தம் இல்லாமல், கறுப்பு வெள்ளையில் வர வேண்டும். நம் ஊருக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கள் திரையிலேயே அந்த இரண்டு பொத்தானும் ஓரத்தில் இருந்தன! டிரெய்னிங்கில் யாரும் காட்டவில்லை, நானாக ஐந்தாம் மாதம் கண்டுபிடித்தேன். அதிலிருந்து நான் செய்தது இது. முதலில் புகாரின் காரணத்தைப் படிப்பேன். அப்புறம் வீடியோவை ஓட்டாமல், கீழே வரிசையாக வரும் சின்னப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பேன். பாதிக்கு மேல் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். பேச்சைக் கேட்டால்தான் முடிவெடுக்க முடியும் என்றால் மட்டும் சத்தம். நீங்கள் ஏற்கெனவே இந்த வேலையில் இருந்தால் இன்றைக்கே அந்தப் பொத்தான்களைத் தேடுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் படுக்காமல் ஒரு அரை மணி நேரம் டெட்ரிஸ் மாதிரி கண்ணுக்கு வேலை தரும் விளையாட்டு ஆடச் சொல்வார்கள். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஒரு சோதனையில், கோரமான படம் பார்த்த அரை மணி நேரத்துக்குப் பிறகு அதை ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. அது ஒரு தடவை படம் பார்த்தவர்களிடம் செய்த சோதனை, தினம் பார்க்கிறவர்களிடம் இல்லை. எனக்குக் கொஞ்சம் உதவியது, ஆனால் அதை மட்டும் நம்பி நான் இரண்டு மாதத்தைக் கடத்தியது தப்பு.

ஏழாவது மாதம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை நாளா?" என்பதுதான். வேண்டாத காட்சி தானாக வருவது, அதை நினைவூட்டும் இடத்தைத் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, தூக்கம் கெடுவது, இதெல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது என்றார். எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. ரகசிய ஒப்பந்தம் இருக்கிறதே என்று தயங்கினேன். கம்பெனி பெயரோ விதிமுறையோ தனக்குத் தேவையில்லை, உனக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல் என்றார். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை உண்டு. நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

டாக்டர் சீட்டை இணைத்து, பழைய கமெண்ட் க்யூவுக்கே மாற்றும்படி மெயில் அனுப்பினேன். 'தற்போதைய தேவை காரணமாக இயலாது' என்று ஒரு வரி பதில். அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது. ராஜினாமா செய்ததும் பாண்ட் தொகையைக் கட்டினால்தான் ஒரிஜினல் என்றார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் நோட்டீஸோடு அந்த மெயிலின் நகலும் டாக்டர் சீட்டும் போயின. ஆறு வாரத்தில் சர்டிபிகேட் கூரியரில் வந்தது, பாண்ட் பேச்சை எடுக்கவில்லை. கடைசி மாதச் சம்பளத்தை 'டிரெய்னிங் செலவு' என்று பிடித்துக்கொண்டார்கள், அது இன்னும் வரவில்லை.

சித்தி மகளிடம், எச்.ஆருக்கு மெயிலில் நான்கு கேள்வி அனுப்பச் சொன்னேன். எந்த க்யூ, என் சம்மதம் இல்லாமல் மாற்றுவீர்களா? வேரியபிள் இல்லாமல் கையில் எவ்வளவு? சத்தத்தையும் நிறத்தையும் அணைக்கும் வசதி உண்டா? கவுன்சிலரிடம் சொல்வது யாருக்குத் தெரியும்? நேற்று எச்.ஆர். அவளுக்குப் போன் செய்து, "இதெல்லாம் எழுத்துல தர மாட்டோம்மா, நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்றாராம். அவள் போகவில்லை.