500 லீற்றரா, 1000 லீற்றரா? தெஹிவளை வளவொன்றின் தண்ணீர்க் கணக்கு

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் யாழ்ப்பாணம் போகிறோம், கத்தரியும் மிளகாயும் காய்ந்து போகாமல் இருக்க எத்தனை லீற்றர் தாங்கி வேண்டும் என்று தெஹிவளையில் இருக்கும் மாமி கேட்டா. வீட்டுக்குப் பின்னால் 8 மீற்றருக்கு 5 மீற்றர் பாத்தி, 80 கன்றுகள், கன்றுக்கு ஒன்றாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் ட்ரிப்பர். கடையில் அவவுக்கு 1500 லீற்றர் தாங்கி சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்தேன்.

ட்ரிப்பரில் மணிக்கு 4 லீற்றர் என்று எழுதியிருக்கும். 80 ட்ரிப்பர், ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 480 லீற்றர், மூன்று நாளைக்கு 1440. கணக்கில் பிழையில்லை, ஆனால் அந்த 4 லீற்றர் 10 மீற்றர் உயர நீரழுத்தத்துக்குரியது. மாமியின் தாங்கி நிற்கப்போவது 1.2 மீற்றர் மேடையில். சாதாரண ட்ரிப்பரில், அழுத்தம் கால்வாசியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகும். ஆகவே அங்கே மணிக்கு இரண்டு லீற்றர்கூட விழாது.

பயிர் கேட்கும் அளவிலிருந்து தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கொழும்பில் மழை குறைந்த தை, மாசியில் வெயிலும் காற்றும் ஒரு நாளில் 4 முதல் 5 மில்லிமீற்றர் தண்ணீரை இழுக்கும். காவலுக்கு 5 என்று வைப்போம். காய்க்கும் பருவக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதை 1.05 ஆல் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு லீற்றர். சொட்டுப் பாசனத்திலும் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்பதால் 0.9 ஆல் வகுக்கிறோம்:

```
5 × 1.05 × 40 ÷ 0.9 = 233
```

ஒரு நாளைக்கு 233 லீற்றர், கன்றுக்கு ஏறத்தாழ 2.9. மூன்று நாளைக்கு 700. கன்றுகள் சிறிதாக இருக்கும்போது இதில் பாதியளவே போதும், ஆனால் தாங்கியை உச்சத் தேவைக்குத்தான் வாங்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணல் நிலம் ஈரத்தை அதிகம் பிடித்து வைக்காது. அதனால் இடையில் ஒரு நாளை விட்டுவிடலாம் என்று கணக்குப் போடக்கூடாது.

இனித் தாங்கி. ஒரேயொரு 500 லீற்றர் தாங்கி இரண்டு நாளுக்கே மட்டுமட்டு. வெளியேறும் குழாய் அடியிலிருந்து 8 சென்ரிமீற்றர் மேலே இருப்பதால் 45 லீற்றரளவு உள்ளேயே நின்றுவிடும். 1000 லீற்றர் தாங்கியில் அப்படி நிற்பது 75 லீற்றரளவு, மீதி 925 மூன்று நாளைத் தாராளமாகத் தாண்டும். தண்ணீரை மட்டும் பார்த்தால் இது போதும். ஆனால் அதன் அகலம் 1.1 மீற்றர், மாமி வீட்டுப் பக்கத்து ஒழுங்கையோ 90 சென்ரிமீற்றர். மதிலுக்கு மேலால் தூக்க ஆள் பிடிக்க வேண்டும்.

அதனால் 85 சென்ரிமீற்றர் அகலமுள்ள இரண்டு 500 லீற்றர் தாங்கிகளை அடியில் குழாயால் இணைத்து, நடுவில் ஒரு வால்வு வைக்கச் சொன்னேன். பயன்படும் தண்ணீர் 910 லீற்றர். இணைப்புகள் கூடுவதால் செலவும் கசியக்கூடிய இடங்களும் கூடும், அது உண்மை. ஆனாலும் ஒன்றைக் கழுவும்போது மற்றது வேலை செய்யும், ஒன்று வெடித்தாலும் பயிர் தப்பும். உயரமான ஒடுங்கிய தாங்கியை மட்டும் வாங்க வேண்டாம் என்றேன். அதில் நீர்மட்டம் வேகமாக இறங்கும், கூடவே ட்ரிப்பரின் ஓட்டமும் இறங்கும்.

அந்த இறக்கம் இங்கேயும் உண்டு. தாங்கிகள் நிரம்பியிருக்கும்போது ட்ரிப்பரில் மணிக்கு 1.8 லீற்றர், அடி தட்டும்போது 1.4. முதல் நாள் ஓட்டத்தை நம்பி டைமரை 95 நிமிடத்தில் வைத்தால் மூன்றாம் நாள் கன்றுக்கு இரண்டரை லீற்றர்தான் கிடைக்கும். 110 நிமிடம் வைத்தால் முதல் நாள் 3.2, மூன்றாம் நாள் 2.9. மூன்று நாளும் சேர்ந்து 740 லீற்றருக்குள் அடங்கும். டைமர் பந்து வால்வு வகையாக இருக்கட்டும். மின்காந்த வால்வுகள் பல இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்யாது.

புறப்படுவதற்கு முன், தாங்கி நிரம்பியிருக்கும்போது கடைசிக் கன்றின் ட்ரிப்பருக்குக் கீழே ஒரு கோப்பை வைத்துப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். 300 மில்லிலீற்றர் விழுந்தால் சரி. 200க்குக் கீழே என்றால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

ஒருநாள் ஒத்திகையும் நல்லது. காலையில் தாங்கிக்குள் குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, நிரப்பும் குழாயைப் பூட்டிவிட வேண்டும். அடுத்த நாள் காலையில் மட்டம் 23 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கலாம். 30 என்றால் எங்கோ கசிகிறது. இணைப்புகளையும் ரியூப் முனைகளையும் தடவிப் பார்க்க வேண்டும்.