மறந்துபோன சின்னக் கணக்கு: நிரப்புவதா, மாற்றுவதா, மூடுவதா?

பழைய வேலைக்காகத் திறந்த கணக்கில் 2,000 கிடக்கிறது. அந்த வங்கியோ மாதச் சராசரி இருப்பு 5,000 வேண்டும் என்கிறது. மாதாமாதம் அபராதம் பிடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் தோன்றுவது, குறையும் 3,000-ஐப் போட்டுவிடுவது. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். சராசரி என்றால் ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது. 30 நாள் மாதத்தில் அந்தக் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். முதல் 20 நாளும் 2,000 இருந்தால் 40,000தான் சேர்ந்திருக்கும். 21ஆம் தேதி 3,000 போட்டு 5,000 ஆக்கினாலும் மீதி 10 நாளில் 50,000 சேரும். மொத்தம் 90,000, சராசரி 3,000. கணக்கில் 5,000 தெரியும், அபராதமும் விழும். தப்பிக்க வேண்டுமானால் அந்த 10 நாளும் 11,000 இருக்க வேண்டும், அதாவது 9,000 போட வேண்டும். சில வங்கிகள் சராசரி பார்ப்பதில்லை, ஒரே ஒரு நாள் குறைந்தாலும் பிடித்துவிடும். அங்கே இந்த வழியும் உதவாது.

இரண்டாவது, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத வகைக்கு மாற்றச் சொல்வது. அந்த வங்கியில் அப்படி ஒரு வகை இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். கணக்கு எண் மாறாது என்றால் அதில் வரும் பணமும் போகும் தவணையும் அப்படியே நடக்கும். பணம் எடுக்கும் தடவைகளுக்கு வரம்பு இருக்கலாம், காசோலைப் புத்தகம் கிடைக்காமல் போகலாம். சின்னக் கணக்குக்கு அது பெரிய இழப்பு இல்லை. எந்தத் தேதியிலிருந்து மாற்றம் அமலுக்கு வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பழைய விதிதான்.

மூன்றாவது, மூடுவது. அந்தக் கணக்கோடு எதுவும் இணைந்திருக்கவில்லை என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் அது உறுதியாகத் தெரிய வேண்டும். மூன்று மாத ஸ்டேட்மென்ட் பார்த்தால் போதாது, பன்னிரண்டு மாதமும் பாருங்கள். காப்பீட்டு பிரீமியம் போன்றவை வருடத்துக்கு ஒரு தடவைதான் தலைகாட்டும். அப்படி ஒன்று இருந்து, கணக்கை மூடியபின் அது திரும்பிப்போனால், தாமதக் கட்டணம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஆகவே தவணையைப் புதுக் கணக்குக்கு மாற்றி, ஒரு தடவை அங்கே பணம் பிடிக்கப்பட்டதைப் பார்த்தபிறகு மூடுங்கள்.

அப்புறம், பணத்தை எல்லாம் எடுத்துவிட்டு விட்டுவிடுவதை மூடுவதாக நினைக்க வேண்டாம். கணக்கு அப்படியேதான் இருக்கும். சில இடங்களில் அபராதம் பாக்கியாக நின்று, பின்னால் யாராவது பணம் போட்டால் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மூடும் நாளில் பாக்கி ஏதும் இல்லை, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.