நகைச் சீட்டு: போனஸ் தவணை கடைசியில் யார் கைக்குப் போகிறது?

எங்கள் வீட்டில் பல வருடங்களாக ஏதாவது ஒரு நகைச் சீட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஒரே கடை, மாதம் ஐயாயிரம். பதினோரு மாதம் நாம் கட்டுவோம், பன்னிரண்டாவது தவணையைக் கடை போடும், மொத்தத்துக்கும் நகை எடுக்கலாம். நிறுவனச் சட்டத்தின் 2014 விதிப்படி, பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுகட்டாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். கம்பெனியாக நடக்கும் கடைகள் பதினோரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

கணக்குப் பார்த்தால் போனஸ் நல்ல லாபம். 55,000 கட்டினால் 5,000 கிடைக்கிறது. முதல் தவணை பதினோரு மாதம் கடையில் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம்தான். சராசரியாக எடுத்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. எந்த வங்கி ஆர்.டி.யும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் இந்த லாபம் நம்மிடம் தங்குமா என்பது நகை எடுக்கும் நாளில், சேதாரத்தில்தான் முடிவாகிறது.

ஒரு பில்லைப் பார்ப்போம். கிராம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரை கிராம் செயின், தங்கத்தின் விலை 54,000. சேதாரம் 8 சதவீதம் என்றால் 4,320, அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 60,070. சீட்டுப் பணம் 60,000 போக எழுபது ரூபாய் கொடுத்தால் போதும். அதே எடைச் செயினுக்குச் சேதாரம் 16 சதவீதம் போட்டால் பில் 64,500-ஐத் தாண்டும். வித்தியாசம் கிட்டத்தட்ட 4,450. கடை கொடுத்த ஐயாயிரத்தில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிப் போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் கடையிலேயே பார்த்தேன். ஒரு தடவை கவுண்டரில் உட்கார்ந்ததும் விற்பனைப் பையன் கேட்ட முதல் கேள்வி, “சீட்டு இருக்காக்கா?” என்பதுதான். இருக்கிறது என்றதும் அவன் எடுத்து வைத்த தட்டு முழுக்கச் சேதாரம் அதிகமான ஆன்டிக் வேலைப்பாடும் கல் வைத்ததும். சாதாரண செயினைக் கேட்டபோது, “சீட்டுக்கு இந்த டிசைன்தான்க்கா வரும்” என்றான். பாஸ்புக்கின் பின்பக்கத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. அதைக் காட்டி மேனேஜரிடம் பேசிய பிறகுதான் சாதாரண செயின் தட்டு வந்தது.

அதற்குப் பிறகு நான் சீட்டைப் பற்றி முதலில் வாயே திறப்பதில்லை. பிடித்த நகைக்கு எஸ்டிமேட் போடச் சொல்கிறேன். எடை, சேதார சதவீதம், கல் எடை, ஜி.எஸ்.டி. எல்லாம் தாளில் வந்த பிறகுதான் பாஸ்புக்கை எடுக்கிறேன். சீட்டைக் காட்டிய பிறகு சதவீதம் ஏறினால் அங்கேயே கேட்டுவிடலாம். கல் நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்தைக் கணக்கிட்டிருக்கிறார்களா என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடுகிறேன்.

அப்புறம், போனஸை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாம் கட்டுவது பணமாக நிற்கிறதா, கிராமாக மாறுகிறதா? 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பவுன் 57,000-ஐ ஒட்டி இருந்தது, அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. ஜனவரி முதல் நவம்பர் வரை மாதம் 5,000 பணமாகக் கட்டி, போனஸோடு 60,000-க்கு டிசம்பரில் எடுத்தவருக்குச் சுமார் 5 கிராம் மதிப்புதான் கிடைத்திருக்கும். அதே தவணைகள் அந்தந்த மாத விலையில் கிராமாக வரவு வைக்கப்பட்டிருந்தால், போனஸே இல்லாமல் 6 கிராமுக்கு மேல் சேர்ந்திருக்கும். விலை இறங்கும் வருடத்தில் இது தலைகீழாகும், பணச் சீட்டுக்காரருக்கு லாபம். விலை எந்தப் பக்கம் போகும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று குறி வைத்துச் சேர்ப்பவர்களுக்குக் கிராம் சீட்டுதான் சரி என்பது என் கருத்து. எங்கள் வீட்டிலும் அதற்கு மாறிவிட்டோம்.

ஒரு தவணை தவறினால் போனஸை வெட்டும் கடைகள் உண்டு. நடுவில் நிறுத்தினால் கட்டிய தொகைக்கு நகைதான், பணமாகத் தருவது அரிது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் காப்பீடும் இதற்குக் கிடையாது. 2017-இல் சென்னையிலும் 2023-இல் திருச்சியிலும் பெரிய பெயருள்ள கடைகளே மூடி, சீட்டுக் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றார்கள். அதனால் வீட்டுச் சேமிப்பு முழுவதையும் நாங்கள் ஒரே கடையில் கொட்டுவதில்லை. ஒரு சீட்டு முடிந்ததும் நகையை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறோம். போனஸைக் கூட்டித் தருவதாகச் சொல்லி, முடிந்த பணத்தை அப்படியே அடுத்த சீட்டில் போடச் சொன்னாலும் சம்மதிப்பதில்லை.